லேத் பட்டறையில் தொழில் பழகுநரை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு மூன்று லேத்துகளை வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் தெருவுக்குத் தெரு இருப்பது போன்ற பட்டறை என்று வைத்துக்கொள்ளலாம். ஐடிஐ முடித்தோ நேரடியாகவோ ஒருவர் டர்னர் வேலை பழக வந்திருக்கிறார், ஆறு மாதம் ஆகிவிட்டது. அவரை வைத்துக்கொள்வதா, என்ன வேலை கொடுப்பது, எங்கே இன்னும் சொல்லித்தர வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும்.

பெரும்பாலான பட்டறைகளில் இதற்கான பதில் "நல்ல பையன்" அல்லது "சரிப்பட மாட்டான்" என்ற ஒரே வார்த்தையில் முடிகிறது. அதில் கை வேலை, ஒழுங்கு, கற்கும் விருப்பம் மூன்றும் கலந்துவிடுகின்றன. நேரத்துக்கு வருகிறவர், பணிவாகப் பேசுகிறவர் என்பதற்காகக் கைவேலைக்கும் சேர்த்து நல்ல பெயர் கிடைத்துவிடும். எதிர்த்துக் கேள்வி கேட்பவருக்கு, அளவு சரியாக வந்திருந்தாலும், மோசமான பெயர்தான். ஆகவே இங்கே சொல்லும் முறையில் மூன்றையும் வெவ்வேறு சான்றுகளைக் கொண்டு, வெவ்வேறு நாட்களில் பார்க்கிறோம். கடைசிவரை மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்குவதில்லை.

## 1. தொடங்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு டிராயிங், ஒரே மாதிரி வெட்டிய கம்பித் துண்டுகள், நம்பக்கூடிய ஒரு மைக்ரோமீட்டர். இவ்வளவுதான் தேவை.

சோதனை ஜாப்புக்கு 28 மி.மீ. விட்டமுள்ள மைல்டு ஸ்டீல் கம்பியை 104 மி.மீ. நீளத்தில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி எடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே கம்பியிலிருந்து வந்தால் நல்லது. முதல் மாதம் மென்மையான கம்பி, ஆறாம் மாதம் கெட்டியான கம்பி என்று மாறினால் எது வளர்ச்சி, எது கம்பி என்று பிரித்துச் சொல்ல முடியாது.

0 முதல் 25 வரை அளக்கும் மைக்ரோமீட்டரின் இரு முகங்களையும் துடைத்து, மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பூஜ்யத்தில் 0.02 தள்ளி நிற்கும் கருவியைக் கொடுத்துவிட்டு அளவு வரவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

மெஷினையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். புதிதாக மதிப்பிட வருகிறவர்கள் தவறாமல் விட்டுவிடும் படி இதுதான். பட்டறையிலேயே பழைய, தேய்ந்த லேத்தான் வழக்கமாகப் பழகுநருக்கு ஒதுக்கப்படுகிறது. டெயில் ஸ்டாக் சற்று விலகியிருந்தால் யார் ஓட்டினாலும் ஜாப் ஒரு பக்கம் சிறுத்துத்தான் வரும். அனுபவமுள்ள டர்னர் ஒருவர் அதே லேத்தில், சென்டர் கொடுத்து, 100 மி.மீ. நீளத்துக்கு ஒரே மெல்லிய கட் ஓட்டி இரு முனைகளையும் அளக்கட்டும். வித்தியாசம் 0.02-க்கு மேல் இருந்தால் டெயில் ஸ்டாக்கைச் சரிசெய்துவிட்டுத்தான் சோதனை வைக்க வேண்டும்.

## 2. முதல் வாரத்திலேயே தொடக்க நிலையைப் பதியுங்கள்

வளர்ச்சி என்பது இரண்டு நிலைகளுக்கு இடையிலான தூரம். முதல் நிலை பதிவாகாமல் இருந்தால் ஆறாம் மாதத்தில் நீங்கள் பார்ப்பது அவருடைய இன்றைய தரத்தை மட்டுமே. ஐடிஐயில் லேத் ஓட்டிவிட்டு வந்தவர் ஆறு மாதமாக அதே இடத்தில் நின்றிருக்கலாம். எதுவும் தெரியாமல் வந்தவர் வெகுதூரம் நடந்திருக்கலாம். இன்று இருவரும் செய்யும் ஜாப் ஒன்றுபோலவே இருக்கும்.

எனவே வந்த முதல் வாரத்திலேயே கீழே 4, 5-ஆம் பகுதிகளில் உள்ள இரண்டு சோதனைகளையும் ஒருமுறை வையுங்கள். லேத்தே தொடாதவர் என்றால் அளக்கும் சோதனை மட்டும் போதும். டர்னிங் சோதனையை மெஷின் ஓட்டத் தொடங்கிய முதல் மாதக் கடைசியில் வைக்கலாம். இது தேர்வு அல்ல, இதனால் யாரையும் அனுப்பப்போவதில்லை என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பயந்த கை தரும் அளவு எதற்கும் உதவாது.

செய்த துண்டைத் தேதி எழுதிய அட்டை கட்டி எடுத்து வையுங்கள். நோட்டில் எழுதியதை விட அந்தத் துண்டே உறுதியான சான்று.

## 3. வாரம் இரண்டு வரி எழுதுங்கள்

ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் கடைசி இரண்டு வாரம் மட்டுமே நினைவில் வரும். போன வாரம் அவர் ஒரு ஜாப்பைக் கெடுத்திருந்தால் மொத்த மதிப்பீடும் அதையொட்டியே சாயும். சனிக்கிழமை சம்பளக் கணக்குப் பார்க்கும்போது இரண்டு வரி எழுதிவைப்பது இதைத் தடுக்கும்.

எழுதுவது நடந்த செயலாக இருக்க வேண்டும், குணமாக இருக்கக் கூடாது. "கவனம் இல்லை" என்று எழுதினால் பின்னால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "புஷ் 20 எண்ணத்தில் 3 ஓவர்சைஸ். மூன்றும் காலை முதல் மூன்று. பிறகு சரி" என்று எழுதினால், காலையில் டூலை செட் செய்வதில்தான் சிக்கல் என்று ஒரு மாதத்தில் புலப்பட்டுவிடும்.

முதலாளி ஒருவர் மட்டும் எழுதுவதை விட, பக்கத்து மெஷினில் நிற்கும் சீனியர் டர்னரும் தனியாக எழுதுவது நல்லது. இருவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். முதலாளி நிற்கும்போது ஒரு மாதிரியும் நிற்காதபோது வேறு மாதிரியும் வேலை நடக்கும் பட்டறைகள் உண்டு. இரண்டு நோட்டுகளுக்கும் இடையில் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.

1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுச் சேர்த்திருந்தால், பயிற்சி முன்னேற்றத்துக்குப் பதிவேடு வைப்பது வேலை கொடுப்பவரின் கடமை. இந்த நோட்டு அந்தப் பதிவேட்டை நிரப்பவும் உதவும்.

## 4. முதலில் அளக்கும் கையைச் சோதியுங்கள்

டர்னிங் சோதனைக்கு முன்னால் அளக்கும் சோதனை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. ஜாப் அளவு தவறி வந்தால் கட் கொடுத்தது தவறா, அளந்தது தவறா என்று துண்டைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அளக்கும் கை சரி என்று முன்பே தெரிந்திருந்தால் மீதிப் பிழை கட்டில்தான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

பட்டறையில் கிடக்கும் துண்டுகளில் 25 மி.மீ.க்குக் குறைந்த விட்டமுள்ள ஐந்தை எடுத்து எண் போடுங்கள். நீங்களோ சீனியர் டர்னரோ ஒவ்வொன்றையும் ஒரு குறித்த இடத்தில் அளந்து தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மார்க்கர் கோடு போட்டுவிடுங்கள். பிறகு பழகுநர் அதே மைக்ரோமீட்டரால் அளந்து எழுதட்டும். ஒரு மணி நேரம் கழித்து, முதலில் எழுதியதைக் காட்டாமல், இன்னொருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வித்தியாசங்களைப் பார்க்க வேண்டும். உங்கள் அளவுக்கும் அவர் அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று. அவருடைய முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் உள்ளது இன்னொன்று. ஐந்திலும் ஒரே பக்கமாக 0.02 குறைத்துக் காட்டினால் அவர் திம்பிளைப் பிடித்து இறுக்குகிறார், ராட்செட்டைப் பயன்படுத்தவில்லை என்று பொருள். இதைப் பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் வந்தால் துண்டைச் சாய்வாகப் பிடிக்கிறார் அல்லது முகங்களைத் துடைக்கவில்லை. சரியாக 0.50 தவறினால் ஸ்லீவில் உள்ள அரை மி.மீ. கோட்டைப் பார்க்கவில்லை. புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை இது. இதனால் ஜாப் ரிஜெக்ட் ஆகும்போது பழி டர்னிங் கையின் மேல் விழுகிறது.

## 5. சோதனை ஜாப்

டிராயிங் எளிமையாக இருக்கட்டும். மொத்த நீளம் 100 மி.மீ. ஒரு முனையில் 20 மி.மீ. விட்டம், 30 நீளம். அடுத்து 24 மி.மீ. விட்டம், 40 நீளம். மீதி 30 மி.மீ. சக்கில் பிடிப்பதற்காகக் கம்பி இருந்தபடியே இருக்கும். 20 விட்டத்துக்கு 0.05 கூடவோ குறையவோ இருக்கலாம். 24 விட்டம் மட்டும் 24.00-க்கும் 23.97-க்கும் நடுவில் வர வேண்டும். நீளங்களுக்கு 0.2 வரை விடலாம். முனையில் 1 மி.மீ. சாம்பர்.

ஒரே ஒரு அளவை மட்டும் இறுக்கமாக வைப்பதற்குக் காரணம் உண்டு. எல்லா அளவையும் இறுக்கினால் புதியவர் எல்லாவற்றிலும் தவறுவார், அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. எல்லாவற்றையும் தளர்த்தினால் எல்லாரும் தேறிவிடுவார்கள். டிராயிங்கில் எந்த அளவு இறுக்கமானது என்று அவர் கவனிக்கிறாரா என்பதும் இதில் தெரிந்துவிடும். 20 விட்டத்தில் அரை மணி நேரம் மெனக்கெட்டுவிட்டு 24-ஐ அவசரமாக முடிக்கிறவர் டிராயிங்கைப் படிக்கவில்லை.

ஹெச்.எஸ்.எஸ். டூலால் செய்யச் சொல்லுங்கள். வேகத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 28 மீட்டர் என்று வைத்தால் 28 மி.மீ. கம்பிக்குக் கணக்குப்படி ஏறக்குறைய 318 சுற்று வரும். கியரில் அதற்குக் கீழே உள்ள வேகத்தைப் போடுவது சரியான பதில். கணக்கு தெரியாமல் "இந்த மெஷின்ல எப்பவும் இதுலதான் ஓட்டுவோம்" என்று போட்டாலும் வேகம் பொருந்தியிருந்தால் சோதனையைத் தொடர விடுங்கள். ஏன் அந்த வேகம் என்பதை மட்டும் பிறகு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் பேசாதீர்கள். சோதனையை வைப்பவருக்குத்தான் இது கடினம். டூல் சென்டருக்குக் கீழே இருப்பதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறக்கும். ஆபத்து என்றால் மட்டும் நிறுத்துங்கள். மற்றபடி அவர் என்ன வரிசையில் செய்கிறார், எங்கே நின்று யோசிக்கிறார், எப்போது அளக்கிறார் என்பதை எழுதுங்கள். ஃபேசிங், சென்டர் டிரில், டெயில் ஸ்டாக் கொடுத்து ரஃப் கட், ஆறவிட்டு அளத்தல், ஃபினிஷ் கட், சாம்பர். வரிசை இப்படி அமைந்தால் அளவு சற்றுத் தவறினாலும் அவருக்கு வேலையின் போக்கு தெரியும் என்று கொள்ளலாம். எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறியுங்கள், ஆனால் முதல் இரண்டு சோதனைகளில் நேரத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம்.

## 6. கெட்டுப்போன துண்டைப் படியுங்கள்

மதிப்பீட்டின் உயிர் இந்தப் படிதான். "அளவு தவறிவிட்டது" என்பது தகவலே அல்ல. எவ்வளவு, எந்தப் பக்கம், எந்த இடத்தில் தவறியது என்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். காரணம் தெரிந்தால் இது அறியாமையா, பழக்கக் குறையா, அவசரமா என்று பிரிக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

ஜாப் 24.20-இல் இருந்தது, 23.99 வேண்டும், அதாவது 0.21 எடுக்க வேண்டும் என்று வையுங்கள். வந்தது 23.78. எடுக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு போயிருக்கிறது. பல லேத்துகளில் கிராஸ் ஸ்லைடு டயல் காட்டுவது டூல் நகர்ந்த தூரம். விட்டத்தில் அது இரட்டிப்பாகக் குறையும். பழகுநர் 0.21-ஐ அப்படியே டயலில் கொடுத்திருக்கிறார். ஐடிஐயில் விட்டத்தையே காட்டும் டயலில் பழகி வந்தவருக்கு இது சகஜமாக நடக்கும். இதைக் கவனக்குறைவு என்று எழுதினால் தவறு, யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்பதே உண்மை. ஒரே தடவை சொன்னால் தீரும் பிழை இது.

டயலைத் தாண்டிச் சுற்றிவிட்டு, லேசாகப் பின்னால் திருப்பிக் கோட்டில் நிறுத்துவது அடுத்த பிழை. ஸ்க்ரூவில் உள்ள லூஸினால் கைப்பிடி பின்னால் வந்தாலும் டூல் பின்னால் வருவதில்லை. ஜாப் தாண்டிச் சுற்றிய அளவுக்குக் குறைந்துபோகும். கை நிற்கும் விதத்தைப் பார்த்தால்தான் இது பிடிபடும். ஒரு முழுச் சுற்றின் பாதிக்கு மேல் பின்னால் எடுத்து, மறுபடி முன்னோக்கி வந்து கோட்டில் நிறுத்தும் பழக்கம் வர வேண்டும். இது அறிவு அல்ல, பழக்கம். வாரக்கணக்கில் நேரமெடுக்கும்.

சூட்டில் அளப்பது மூன்றாவது. கனமான கட் ஓட்டிய உடனே ஜாப் அறையின் சூட்டை விட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் 24 மி.மீ. விட்டம் ஏறக்குறைய 0.008 மி.மீ. பெருத்திருக்கும். மைக்ரோமீட்டரில் அது கிட்டத்தட்ட ஒரு கோடு. சூட்டில் 23.97 என்று காட்டிய ஜாப் ஆறியதும் 23.96 ஆகிவிடும், ரிஜெக்ட். மெஷினில் அளந்தபோது சரியாக இருந்தது என்று அவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அன்று எவ்வளவு வேகமாக முடிக்கச் சொல்லி விரட்டினீர்கள் என்பதையும் அப்போது நினைத்துப் பாருங்கள்.

ஃபேசிங் செய்த முகத்தின் நடுவில் சின்னக் குமிழ் நின்றால் டூல் சென்டர் உயரத்தில் இல்லை. 24 விட்டம் இரு முனையிலும் வேறு வேறாக வந்தால் முதலில் உங்கள் மெஷின் பதிவைப் பாருங்கள், பிறகு அவரைப் பாருங்கள். 30 நீளம் மட்டும் தவறியிருந்தால் பெரும்பாலும் ஃபேசிங் முடிக்குமுன்பே நீளம் குறித்திருப்பார்.

ஓவர்சைஸையும் அண்டர்சைஸையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 24.03-இல் நின்ற ஜாப்பை இன்னொரு கட் ஓட்டிச் சரிசெய்யலாம். 23.94 பழைய இரும்பு. ஓவர்சைஸில் நிறுத்துகிறவர் கடைசிக் கட்டுக்குப் பயப்படுகிறார், ஆனால் எந்தப் பக்கம் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

## 7. வளர்ச்சியைக் கணக்கிடுதல்: ஓர் உதாரணம்

ஒரு பழகுநரின் மூன்று சோதனைகள் இப்படி வந்தன என்று எடுத்துக்கொள்வோம்.

முதல் மாதம்: அளக்கும் சோதனையில் ஐந்தில் இரண்டு 0.50 தவறு. சோதனை ஜாப்பில் 24 விட்டம் 23.78. நேரம் மூன்று மணிக்கு மேல். மூன்றாம் மாதம்: அளப்பதில் வித்தியாசம் 0.01-க்குள். 24 விட்டம் 24.03. நேரம் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. ஆறாம் மாதம்: ஒன்றுக்குப் பதில் மூன்று துண்டுகள் கொடுக்கப்பட்டன. 23.98, 23.99, 23.96. துண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

"சரியா தவறா" என்று மட்டும் பார்த்தால் முதல் மாதமும் மூன்றாம் மாதமும் ஃபெயில், ஆறாம் மாதமும் முழுசாகத் தேறவில்லை. பிழைகளைப் படித்தால் கதை வேறு. முதல் மாதப் பிழை அறியாமை. மூன்றாம் மாதத்தில் அது போய்விட்டது, தயக்கம் இருக்கிறது, ஜாப் காப்பாற்றக்கூடியது. ஆறாம் மாதத்தில் தயக்கமும் போய்விட்டது, மூன்றாவது துண்டில் அவசரம் வந்திருக்கிறது. அதை அவர் ஆறவிடாமல் அளந்ததை, பக்கத்தில் நின்றவர் எழுதிவைத்த குறிப்பு காட்டும்.

ஆறாம் மாதத்தில் மூன்று துண்டு கொடுப்பதன் நோக்கமும் இதுவே. ஒரு துண்டு நன்றாக வருவது யாருக்கும் ஒருநாள் நடக்கும். ஒரே மாதிரி மூன்று வருகிறதா என்பதுதான் பட்டறைக்குத் தேவையான கேள்வி.

பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவதை விட, ஒவ்வொரு வேலைக்கும் நான்கு நிலைகளில் ஒன்றை எழுதுவது தெளிவாக இருக்கும்: காட்டினாலும் இன்னும் வரவில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் செய்கிறார், தனியாகச் செய்கிறார், தனியாகச் செய்து தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கிறார். மேலே சொன்னவர் பிளெயின் டர்னிங்கில் மூன்றாம் நிலையில் இருக்கிறார். நான்காம் நிலைக்கு அவருக்குக் குறைவது ஒன்றே: ஆறவிட்டு மறுபடி அளக்கும் பழக்கம்.

## 8. ஒழுங்கு: உயிர் காக்கும் விதிகளைத் தனியே வையுங்கள்

ஒழுங்கில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையைச் சராசரி பார்க்கலாம், இன்னொன்றைப் பார்க்கவே கூடாது.

சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு நகர்வது, கையுறை போட்டுக்கொண்டு லேத் ஓட்டுவது, ஜாப் சுற்றும்போதே அளப்பது, சுருளைக் கையால் இழுப்பது, மெஷினை ஓடவிட்டு வெளியே போவது. இந்த ஐந்தில் எது நடந்தாலும் அன்றே நிறுத்திப் பேச வேண்டும், அன்றே நோட்டில் ஏற வேண்டும். கைவேலையில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது. சுற்றத் தொடங்கிய சக்கிலிருந்து பறக்கும் கீ யாருடைய மதிப்பெண்ணையும் பார்க்காது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகும் இதில் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் தனியாக மெஷின் கொடுக்கக் கூடாது.

ஆனால் எழுதுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். அதே பட்டறையில் சீனியர் டர்னர் சுருளைக் கையால் இழுக்கிறாரா? கொக்கி கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறதா? கண்ணாடி வாங்கிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் அவர் ஒழுங்கு மீறவில்லை, பட்டறையின் ஒழுங்கைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது வகை அன்றாடப் பழக்கங்கள். கருவியை எடுத்த இடத்தில் வைத்தல், வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து எண்ணெய் விடுதல், வெர்னியரை ஃபைல்களோடு போடாமல் பெட்டியில் வைத்தல், டூல் உடைந்தால் வந்து சொல்லுதல். இவற்றை மாதம் நான்கு நாள், முன்கூட்டிச் சொல்லாமல், வேலை முடிந்தபின் மெஷினைப் போய்ப் பார்த்துக் குறித்தாலே போதும்.

வருகையைக் கணக்கிடும்போது மொத்த எண்ணிக்கையை விட எந்த நாட்கள் என்பது முக்கியம். திங்கட்கிழமைகளில் மட்டும் தாமதம் என்றால் ஊருக்குப் போய் வருகிறார். தினமும் பத்து நிமிடம் தாமதம் என்றால் பஸ் நேரத்தைக் கேளுங்கள். தொடங்கும் நேரத்தைக் கால்மணி தள்ளினால் தீரும் விஷயத்தை ஒழுங்கீனம் என்று எழுதிவைக்க வேண்டாம்.

டீ வாங்கி வருவது, கடைக்குப் போவது, முதலாளி வீட்டு வேலை. இவற்றைச் செய்வதற்கு மதிப்பும் கிடையாது, மறுப்பதற்குக் குறையும் கிடையாது. ஒப்பந்தம் போட்ட பழகுநர் சட்டப்படியே பயிற்சி பெற வந்தவர். மெஷினில் நிற்க வேண்டிய நேரத்தை டீக்கடையில் கழித்தவரின் கைவேலை ஏன் வளரவில்லை என்று கேட்க நமக்கு உரிமை இல்லை.

## 9. கற்கும் விருப்பம்: கேட்டுப் பார்க்காதீர்கள், சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்

"கத்துக்க ஆசை இருக்கா" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. பேசாமல் நிற்கும் பல பேர் வீட்டில் போய் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நடக்கும் ஒவ்வொன்றுக்கும் கேள்வி கேட்கும் சிலர் பதில் வரும்போது வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

புதிதாக ஒரு வேலையைச் சொல்லிக்கொடுத்து, நான்கு நாள் விட்டு, என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. இதற்கு நான்கு தாடை சக்கில் டயல் கேஜ் வைத்து ஜாப்பை சென்டர் பண்ணுவது பொருத்தமான பாடம். திங்கட்கிழமை ஒருமுறை செய்து காட்டுங்கள். எதிரெதிர் தாடைகளில் டயல் 0.40 வித்தியாசம் காட்டினால் ஜாப்பை அதில் பாதி, 0.20 தான் தள்ள வேண்டும், ஒரு தாடையைத் தளர்த்திய பிறகே எதிர்த் தாடையை இறுக்க வேண்டும் என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். அவரையும் ஒருமுறை செய்யவிடுங்கள். பிறகு அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை, நான்கு தாடையில் மட்டுமே பிடிக்கக்கூடிய ஒரு ஜாப்பைக் கொடுங்கள். பாதி என்பதை நினைவில் வைத்துச் செய்தால் நல்லது. மறந்துபோய், "அண்ணா, பாதியா முழுசா தள்ளோணும்?" என்று வந்து கேட்டாலும் நல்லதுதான், அதற்குக் குறைத்துப் போடாதீர்கள். எங்கே மறந்தோம் என்று தெரிந்து கேட்பவர் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார். கேட்கவும் செய்யாமல், கண்மதிப்பில் பிடித்து ஓட்டிவிடுவது அல்லது ஜாப்பை வேறொருவர் மெஷினுக்குத் தள்ளிவிடுவதுதான் கவலைப்பட வேண்டிய நடத்தை.

இன்னொரு சான்று, கெட்ட ஜாப்பை என்ன செய்கிறார் என்பது. எடுத்துவந்து காட்டுகிறாரா, ஸ்க்ராப் டப்பாவின் அடியில் போடுகிறாரா? மறைக்கிறவர் என்றால் அவரைப் பற்றி எழுதுவதற்கு முன், பட்டறையில் கெட்ட ஜாப்புக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். எல்லார் முன்னாலும் திட்டும் இடத்தில், உதவித்தொகையில் பிடிக்கும் இடத்தில், விருப்பமுள்ளவரும் மறைப்பார். காட்டினால் திட்டு இல்லை என்று ஒரு மாதம் நடத்திக்காட்டிவிட்டு அதன் பிறகு மதிப்பிடுங்கள்.

## 10. உட்கார்ந்து பேசுவது

மூன்று பகுதிகளின் குறிப்பும் எழுதி முடிந்த பிறகே பேச வேண்டும். பேசிவிட்டு எழுதினால் அவர் பேசிய விதம் மதிப்பீட்டை மாற்றிவிடும். மெஷின் சத்தம் இல்லாத இடத்தில், வேறு யாரும் இல்லாமல், அரை மணி நேரம் போதும். செய்த துண்டுகளையும் மைக்ரோமீட்டரையும் மேசையில் வையுங்கள்.

முதலில் அவரே அளக்கட்டும். மேலே பார்த்த உதாரணத்தில் பேச்சு இப்படிப் போகலாம்:

"தம்பி, இந்த மூணாவது துண்ட அளந்து பாரு."

"இருபத்திமூணு தொண்ணூத்தாறுங்கண்ணா. மெஷின்ல வெச்சு அளக்கும்போது தொண்ணூத்தேழு இருந்துச்சுங்க."

"இருந்திருக்கும். மொத ரெண்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசமா பண்ணுனே?"

"...ஆறவிடலீங்கண்ணா. டைம் ஆயிருச்சுன்னு உடனே அளந்துட்டேன்."

பிழையை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். இதற்கு மேல் அறிவுரை தேவையில்லை. முதல் மாதத் துண்டையும் எடுத்து அளக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அவருக்கே தெரியும்.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் நடக்கும் தவறு மற்றவரோடு ஒப்பிடுவது. "உங்கூட வந்தவன் இப்ப திரெட் போடுறான்" என்று சொன்ன உடனே பேச்சு துண்டைவிட்டு மானத்துக்குப் போய்விடும். இன்னொன்று, மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவது. கைவேலையைப் பேசி முடித்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு ஒழுங்கு, அதன் பிறகு கற்றல் என்று போங்கள். அவருக்கு உங்கள் மேல் குறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். "நாலு தாடை ஒருதடவதான் காட்டுனீங்க" என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

## 11. அடுத்த வேலையை முடிவு செய்தல்

அடுத்த மூன்று மாதம் என்ன வேலை கொடுப்பது என்பதில் மதிப்பீடு முடிய வேண்டும். அப்படி முடியாத மதிப்பீட்டால் பழகுநருக்கும் பட்டறைக்கும் பயன் இல்லை.

கைவேலை வளர்ந்து, கற்கும் விருப்பமும் தெரிந்து, அன்றாட ஒழுங்கு மட்டும் தளர்ந்திருந்தால் புது வேலை கொடுங்கள், மெஷின் பொறுப்பையும் அவர் பேருக்கே எழுதுங்கள். பலர் தனக்கென்று ஒரு மெஷின் வந்ததும் துடைக்கத் தொடங்குவார்கள். ஒழுங்கும் விருப்பமும் இருந்து கை மட்டும் மெதுவாக வளர்ந்தால் அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். ஒரே வகை ஜாப்பை இன்னும் இரண்டு மாதம் கொடுத்து, அதே சோதனையை மறுபடி வையுங்கள். மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் பிழையின் வகையே மாறாமல் இருந்தால்தான் கவலை. அப்போதும், அந்த மூன்று மாதத்தில் அவர் உண்மையில் எத்தனை மணி நேரம் மெஷினில் நின்றார் என்று நோட்டைப் பாருங்கள். கை நன்றாக இருந்தும் உயிர் காக்கும் விதிகளில் தவறுகிறவருக்கு, அது நிற்கும்வரை சீனியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே மெஷின்.

நம் உதாரணத்துப் பழகுநருக்கு அடுத்த படி இது: பத்து எண்ணம் கொண்ட சின்ன ஆர்டர் ஒன்றைத் தனியாகக் கொடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஆறவைத்து இரண்டாம் முறை அளந்து எழுதச் சொல்வது. அதில் பத்தும் அளவுக்குள் வந்தால் திரெட்டிங் தொடங்கலாம். நீங்கள் செய்ய வேண்டியதும் அதே தாளில் இருக்கட்டும்: நான்கு தாடையை இன்னும் இரண்டு முறை காட்டுவது, டெயில் ஸ்டாக்கை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது. இருவரும் கையெழுத்துப் போட்டு அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள்.

சோதனைத் துண்டுகளுக்கு எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, அட்டையோடு எடுத்து வையுங்கள். துருப் பிடித்த துண்டை அடுத்த முறை அளந்தால் அளவு பொய் சொல்லும்.